பட்டா மாறுதல் மனு நின்றுவிட்டதா? எந்தக் கதவைத் தட்டுவது?

"அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மனு கொடுத்து மூன்று மாதம் ஆயிற்று. ஆள் வைத்து முடிக்கவா, கலெக்டர் ஆபீசுக்குப் போகவா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கவா?" திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதே கேள்விதான். நிலத்தின் அளவு மாறும், இறந்தவர் தாத்தாவாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார். மனு நின்ற கதை மட்டும் மாறுவதில்லை.

நானும் அதே வரிசையில் நின்றவன். கடைமடையில் எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. பட்டாக் கணக்கில் அது 0.81.0 ஹெக்டேர். 2023 பிப்ரவரி 6 அன்று மனு போட்டேன். ஜூன் 14 அன்று பட்டா கைக்கு வந்தது. இடையில் நடந்ததையெல்லாம் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்தேன். கீழே உள்ள ஒப்பீடு அந்த நோட்டிலிருந்தும், பிறகு அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்த அனுபவத்திலிருந்தும் வந்தது.

## முதலில்: மனு எப்படி நின்றிருக்கிறது?

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். eservices.tn.gov.in தளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் மனுவின் நிலை தெரியும். தெரியாவிட்டால் மனு போட்ட இ-சேவை மையத்திலேயே பார்த்துச் சொல்வார்கள். நான் பார்த்தவரை மனுக்கள் நான்கு விதமாக நிற்கின்றன.

முதல் விதம், யாரும் தொடாமல் கிடப்பது. கிராம நிர்வாக அலுவலர் இரண்டு ஊருக்குப் பொறுப்பு வகிப்பார், அல்லது வருவாய் ஆய்வாளர் வேறு பணியில் இருப்பார். மனுவில் குறை எதுவும் இருக்காது. இரண்டாவது, ஏதோ ஓர் ஆவணம் போதாமல் கிடப்பது. எது போதவில்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்றாவது, நிராகரிப்பு ஆணையே வந்துவிட்ட மனு. நான்காவதுதான் கடினமானது. அதில் பதிவேடே தவறாக இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரார் 'யூ.டி.ஆர்.' என்று சொல்லும் அந்த வேலையில், பல ஊர்களில் பெயரும் பரப்பும் மாறிப் பதிந்துவிட்டன. அப்படிப் பதிந்த பிழையைத் துணை வட்டாட்சியர் நிலையில் திருத்த முடியாது. அது மாவட்ட வருவாய் அலுவலர் வரைகூடப் போகலாம்.

தொடாமல் கிடக்கும் மனுவுக்குப் பொருந்தும் வழி, ஆவணம் போதாத மனுவைக் கெடுத்துவிடும். எனக்கு நடந்ததும் அதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான்கு அளவுகோல்கள் போதும்.

செலவு. கட்டணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரு தடவை வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போகிறது. அதோடு பஸ், டீ, ஜெராக்ஸ். அரசு நடைமுறையின் சுமையை நெதர்லாந்து நாட்டில் இப்படித்தான் அளந்தார்கள். ஒரு படிவத்தை நிறைவேற்ற ஆகும் நேரத்தை அந்த நேரத்தின் கூலியால் பெருக்கி, அதை ஆண்டுக்கு எத்தனை பேர் எத்தனை தடவை செய்கிறார்கள் என்பதால் பெருக்கினார்கள். அந்தத் தொகையில் கால் பங்கைக் குறைப்பது என்று 2000-களின் தொடக்கத்தில் அரசே இலக்கு வைத்தது. அந்தக் கணக்கை நம் வீட்டு அளவில் நாமும் போடலாம்.

நாள். பட்டா பெயர் மாறாதவரை கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்க முடியாது; சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். 60,000 ரூபாயை வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200 ரூபாய் வட்டி. ஆறு மாதத்தில் 7,200. தாமதத்தின் விலை இது.

கையில் நிற்கும் சான்று. அந்த வழியில் போனால் தேதியும் எண்ணும் உள்ள காகிதம் ஏதாவது உங்களிடம் மிஞ்சுகிறதா? அடுத்த படிக்கு ஏற அதுதான் ஏணி.

முடிவு நிலைக்குமா? நாளை ஓர் அத்தையோ தங்கையோ ஆட்சேபித்தால் அந்தப் பட்டா தாங்குமா?

## என் நோட்டில் இருந்த 94 நாட்கள்

முதல் மனு பிப்ரவரி 6 முதல் மே 11 வரை 94 நாள் ஓடி, நிராகரிப்பில் முடிந்தது. அந்த 94 நாளும் எங்கே போயின என்பது பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கோப்புக் குறிப்பின் நகலில் தெரிந்தது. நாலு பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

கிராம நிர்வாக அலுவலரிடம் 19 நாள். வருவாய் ஆய்வாளரிடம் 34 நாள். அங்கிருந்து "தெளிவுரை கோரித் திருப்பப்படுகிறது" என்ற ஒற்றை வரியோடு மறுபடி கிராம நிர்வாக அலுவலரிடம் 17 நாள். மீண்டும் ஆய்வாளரிடம் 9 நாள். துணை வட்டாட்சியரிடம் 15 நாள். ஒவ்வொரு மேசையிலும் ஒரே ஒரு நாள்தான் யாரோ அதை எடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே 94 நாளில் வேலை நடந்தது 5 நாள். மீதி 89 நாளும் காத்திருப்பு.

நிராகரிப்புக்கான காரணம் ஒரு எழுத்து. பட்டாவில் அப்பாவின் பெயர் 'ராசு' என்று முடிகிறது. இறப்புச் சான்றிதழில் 'ராஜு' என்று முடிகிறது. கிராம நிர்வாக அலுவலர் முதல் நாளே மனுவைக் கையில் எடுத்தபோது இரண்டு காகிதமும் அவர் முன்னால்தான் இருந்தன. அன்றே அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் சரிசெய்திருப்பேன். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. திண்ணையில் இருபது பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தது.

இந்த 94 நாளில் நான் போனது 9 தடவை. ஒரு தடவைக்குக் கூலி 500, பஸ் முதலியவை 80. ஆக 5,220 ரூபாய். நகல்கள் 180, இ-சேவைக் கட்டணம் 60. மொத்தம் 5,460.

மே 22 அன்று புதிய மனு போட்டேன். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம், அப்பாவின் பழைய கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம், வீட்டு வரி ரசீது ஆகியவற்றை முதலிலேயே இணைத்தேன். 23 நாளில் முடிந்தது. இரண்டு நடை, பத்திரச் செலவு, கட்டணம் எல்லாம் சேர்த்து 1,520 ரூபாய்.

வாரிசுகள் யார், நிலம் யாருடையது என்று அரசு விசாரிப்பதற்கு ஆகும் செலவு அந்த 1,520. அது நியாயமான செலவு. அந்த விசாரணை இல்லாவிட்டால் ஊரில் பல தங்கைகளின் பங்கு சத்தமில்லாமல் காணாமற்போகும். முதல் சுற்றில் போன 5,460-தான் சிவப்பு நாடா. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி "நடைமுறையே வேண்டாம்" என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

## வழி 1: ஆள் வைத்து முடிப்பது

என்னிடம் கேட்ட தொகை 8,000 ரூபாய். நான் கடைசியில் செலவழித்ததோ ஏறத்தாழ 7,000. ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம், அலைச்சலும் மிச்சம் என்று யாருக்கும் தோன்றும். அதனால்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

அந்த ஆள் உண்மையில் என்ன விற்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் விற்பது தகவல். இந்த அலுவலகத்தில் இந்த மனுவுக்கு எந்தக் காகிதம் கேட்பார்கள், எந்தப் பெயர் வித்தியாசத்தில் மனு நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அது சுவரில் ஒரு தாளில் ஒட்டியிருக்க வேண்டிய செய்தி. எஞ்சிய பங்கு, மேசைக்கு மேசை போவதாகச் சொல்லப்படும் பணம்.

மறைந்திருக்கும் விலை இங்கே இருக்கிறது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்கே அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இடையில் ஓர் ஆள் நின்று கொடுத்தாலும் பணம் உங்களுடையது. அவர் எவ்வளவு கொடுத்தார், கொடுத்தாரா என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, அசல் பத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிடுவது. அவசரத்தில் ஒரு வாரிசின் பெயரை விட்டு மனு போட்டு, பின்னால் குடும்பமே கோர்ட்டுக்குப் போன கதைகள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன.

உரிமம் பெற்ற ஆவண எழுத்தருக்கோ வழக்கறிஞருக்கோ எழுத்துக் கூலி கொடுப்பது வேறு விஷயம். உறுதிமொழிப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றுக்கு அவர்களிடம் போவதே சரி.

இந்த வழி எப்போது பொருந்தும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து எப்போதும் இல்லை. ஆனால் அந்த ஆளுக்குத் தெரிந்த தகவலைச் சம்பாதிக்காமல் அடுத்த வழிகளில் இறங்கினால் என்னைப்போல் 94 நாளை விடுவீர்கள்.

## வழி 2: காகிதங்களைச் சரிசெய்து புதிதாக மனு போடுவது

மனு நிராகரிக்கப்பட்டவர்களும், ஆவணம் போதாமல் நிற்கிறது என்று சந்தேகப்படுகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டிய வழி இது. கட்டணம் 60 ரூபாய். சான்றாக விண்ணப்ப எண் இருக்கிறது. முடிவும் நிலைக்கும்.

மனு போடும் முன் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து மூன்றைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் பெயர். பட்டா, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தாய்ப் பத்திரம் நான்கையும் வரிசையாக வைத்து இறந்தவரின் பெயரையும் அவருடைய தந்தை பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ராசு-ராஜு, சுப்பிரமணியன்-சுப்ரமணியம், தலைப்பெழுத்து விடுபட்டது என்று ஏதாவது மாறியிருந்தால், உறுதிமொழிப் பத்திரத்தையும் அந்தப் பெயரைத் தாங்கிய பழைய அரசு அல்லது சங்கக் காகிதம் ஒன்றையும் முதல் நாளே இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது வாரிசு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் உண்டு. அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் பங்கு இருக்கிறது. பிறகு பாட்டியும் காலமாகியிருந்தால் அவருடைய இறப்புச் சான்றிதழும் அவருடைய வாரிசுகள் யார் என்ற விவரமும் தேவைப்படும். அதில் அத்தைகளும் சித்தப்பாக்களும் வருவார்கள். மனுக்கள் முடிச்சு விழுந்து நிற்கும் இடங்களில் இது மிக முக்கியமான ஒன்று. கல்யாணமாகிப் போன தங்கையின் பெயரை விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மூன்றாவது, என்ன கேட்கிறீர்கள் என்பது. வாரிசுச் சான்றிதழை மட்டும் வைத்துக் கேட்டால் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாதான் கிடைக்கும். "என் பங்கு இரண்டு மாவுக்குத் தனிப் பட்டா வேண்டும்" என்றால் முதலில் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ பதிவாகியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் உட்பிரிவு மனு. அதற்கு நில அளவர் நேரில் வந்து அளந்து புல வரைபடத்தைத் திருத்த வேண்டும், உட்பிரிவுக் கட்டணமும் தனி. சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் கட்டியிருக்கும்போது சங்கிலி போட முடியாது. தை அறுவடைக்குப் பிறகு கேட்பதே புத்திசாலித்தனம். அவசரம் என்றால் முதலில் கூட்டுப் பட்டாவை வாங்கிவிடுங்கள்.

## வழி 3: திங்கட்கிழமை மனு, 1100

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும். 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். அதற்கும் எண் உண்டு.

இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மனு மேலிருந்து கீழே இறங்கி, எந்த மேசையில் உங்கள் பட்டா மனு கிடக்கிறதோ அதே மேசைக்குத்தான் வந்து சேரும். தொடாமல் கிடந்த மனு என்றால் அந்தத் தட்டலே போதும், எடுத்து முடித்துவிடுவார்கள். குறையுள்ள மனு என்றால் "நடவடிக்கையில் உள்ளது" என்று பதில் எழுதிப் புகாரை முடித்துவிடுவார்கள். உங்கள் பட்டா அங்கேயே இருக்கும். மாவட்டத் தலைநகருக்குப் போய்வர ஒரு முழு நாள் ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். வீட்டிலிருந்தே முடியும் என்பதால் 1100-ஐ முதலில் முயன்று பார்க்கலாம்.

மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் தனி ஒருவரின் மனுவுக்கு அவ்வளவாக உதவாது. பல பேருக்கு ஒரே சிக்கல் இருந்தால் அதுவே சரியான இடம்.

## வழி 4: ஜமாபந்தி

பசலி ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது. 2025 ஜூலை 1-இல் தொடங்கியது 1435-ஆம் பசலி. ஆண்டு முடிவதற்குள், வழக்கமாக மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு வட்டத்திலும் வருவாய்த் தீர்வாயம் நடக்கிறது. ஊர்வழக்கில் அதைத்தான் ஜமாபந்தி என்கிறோம். ஆட்சியரோ மாவட்ட வருவாய் அலுவலரோ கோட்டாட்சியரோ அதற்கு இணையான அலுவலரோ தலைமை ஏற்று, உள்வட்டம் உள்வட்டமாக ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள்.

என் 94 நாளில் கோப்பு எந்தெந்த மேசைக்குப் போனதோ, அந்த மேசைக்காரர்கள் அத்தனை பேரும் அன்று ஒரே பந்தலில் இருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலையும் 'அ' பதிவேட்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஆய்வாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர், நில அளவைப் பிரிவு என எல்லாரும் அங்கேயே இருப்பார்கள். "இந்த மனு ஏன் நிற்கிறது?" என்று தலைமை அலுவலர் கேட்டால் பதில் அந்த இடத்திலேயே வந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து கூட்டுப் பட்டா மனுக்கள் பல அன்றைக்கே ஆணையாகியிருக்கின்றன. குறை என்னவென்றாவது அன்று கட்டாயம் தெரிந்துவிடும்.

ஆனால் அது ஆண்டுக்கு ஒரு தடவைதான் வரும். ஆடியில் மனு நின்றவர் வைகாசிவரை காத்திருக்க முடியாது. அதோடு, மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவைக்காரர்களுக்கு அது நாற்றங்கால் வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். உங்கள் உள்வட்டத்துக்கான தேதியை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். பழைய விண்ணப்ப எண், நிலை காட்டும் அச்சுப் பிரதி, ஆவண நகல்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொண்டு போங்கள். வெறுங்கையோடு போய் வாயால் சொன்னால் அது இன்னொரு மனுவாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

## வழி 5: தகவல் உரிமைச் சட்டம்

பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம். முப்பது நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

"ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். இந்தச் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அன்று. இப்படிக் கேளுங்கள்:

"விண்ணப்ப எண் … மீது ஒவ்வொரு அலுவலரும் பெற்ற நாள், அனுப்பிய நாள், எழுதிய குறிப்பு ஆகியவற்றின் நகல். இம்மனு தொடர்பான விசாரணை அறிக்கையின் நகல். இவ்வகை மனுவை முடிக்க நிர்ணயித்துள்ள கால அளவு குறித்த அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல்."

இனி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 70-ஆம் நாள், ஏப்ரல் 17 அன்று, இந்த மனுவை அனுப்பினேன். முதல் தடவை 34 நாள் கிடந்த மேசையிலிருந்து இம்முறை 9 நாளில் கோப்பு நகர்ந்தது. மகிழ்ந்தேன். நகர்ந்தது நிராகரிப்பை நோக்கி. தட்டப்பட்ட அலுவலருக்குக் குறையுள்ள ஒரு மனுவை முடிக்க மிக எளிதான வழி அதைத் தள்ளுபடி செய்வது. அவர் பக்கத்தில் அது 'முடிக்கப்பட்ட மனு' என்று கணக்காகும்.

குறையில்லாத மனு என்று உறுதியாகத் தெரிந்தால் தகவல் மனு அதை நகர்த்தும். தெரியவில்லை என்றால், கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்துகொள்ள மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள். காத்திருக்கும் அந்த முப்பது நாளிலேயே உங்கள் காகிதங்களைச் சரிபார்த்து, கூடுதல் ஆவணத்தை நீங்களாகவே சமர்ப்பித்து ஒப்புதல் பெற்றுவிடுங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன்.

## வழி 6: கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு

நிராகரிப்பு ஆணை தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிகிறவர்களுக்கு இந்த வழி. வட்டாட்சியர் நிலையில் போடப்பட்ட ஆணைக்கு எதிராக 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள், ஆகவே மாதக்கணக்கில் நாள் பிடிக்கும். வழக்கறிஞர் கட்டாயமில்லை, ஆனால் எதிர்த்தரப்பு வைத்திருந்தால் நீங்களும் வைக்க வேண்டிவரும்.

காகிதம் போதாமல் தள்ளுபடியான மனுவுக்கு மேல்முறையீடு வீண். புதிய மனு போடுங்கள். ஆட்சேபணையின் பேரில் தள்ளுபடியானதென்றால் மேல்முறையீடு. உரிமையே யாருக்கு என்ற தகராறு என்றால் இரண்டும் உதவாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவுதானே தவிர உரிமையைத் தீர்மானிக்கும் பத்திரம் அன்று. அதற்குரிய இடம் சிவில் நீதிமன்றம்.

## ஒரு பார்வையில்

| வழி | நேரடிச் செலவு | மறைந்த விலை | கையில் மிஞ்சும் சான்று | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| ஆள் வைப்பது | ஆயிரக்கணக்கில் | சட்டச் சிக்கல், அசல் பத்திரம் கைமாறுதல் | எதுவுமில்லை | பொருந்தாது |
| புதிய மனு | 60 ரூபாய், பத்திரச் செலவு | ஒரு நாள் தயாரிப்பு | விண்ணப்ப எண் | ஆவணம் போதாதபோது |
| திங்கள் மனு, 1100 | பஸ் செலவு அல்லது ஒன்றுமில்லை | அதே மேசைக்குத் திரும்புவது | மனு எண் | யாரும் தொடாதபோது |
| ஜமாபந்தி | ஒரு நாள் கூலி | ஆண்டுக்கு ஒரு முறைதான் | மனு எண், சில நேரம் ஆணையே | எல்லா வகைக்கும், தேதி ஒத்துவந்தால் |
| தகவல் உரிமை | 10 ரூபாய், நகல் கட்டணம் | 30 நாள். அவசர நிராகரிப்பு | கோப்புக் குறிப்பின் நகல் | காரணம் தெரியாதபோது |
| மேல்முறையீடு | வழக்கறிஞர் வைத்தால் கூடும் | மாதக்கணக்கு | விசாரணை ஆணை | ஆணை தவறானபோது, ஆட்சேபணை உள்ளபோது |

## இது ஏன் இப்படி, எதை மாற்றக் கேட்கலாம்?

வரிசையாக இத்தனை மேசை வந்தது காரணமில்லாமல் இல்லை. எங்கோ ஒருவர் பொய் வாரிசாகப் பட்டா வாங்கியிருப்பார், அதைத் தடுக்க ஒரு கையெழுத்து கூடியிருக்கும். தவறாக ஒப்புதல் கொடுத்த அலுவலர் தண்டனைக்கு அஞ்ச வேண்டும். தாமதித்தவருக்கு அந்த அச்சம் இல்லை. ஆகவே சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்புவதே அவருக்குப் பாதுகாப்பு.

எங்கே மேசை குறைந்ததோ அங்கே பலன் தெரிகிறது. முழுப் புல எண்ணும் விற்பனையாகி, விற்பவரின் பெயரே பட்டாவிலும் இருந்தால், உட்பிரிவு தேவையில்லாத அந்தக் கிரயத்துக்குப் பத்திரப்பதிவோடு தானாகவே பட்டா மாறும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்துவிட்டது. வாரிசுரிமையில் விசாரணை தேவை என்பதால் அதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் இரண்டு மாற்றங்களுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒன்று, மனுவில் உள்ள குறைகள் அனைத்தையும் முதல் மேசையிலேயே, ஒரே தடவையில், எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பிறகு புதுக் குறை கிளப்பக் கூடாது. இன்னொன்று, பெயர் ஒப்பீட்டை இ-சேவை மையத்தில் மனு ஏற்கும்போதே செய்ய வேண்டும். என் மனுவில் இந்த இரண்டில் ஒன்று நடந்திருந்தாலும் 5,460 ரூபாய் மிச்சம்.

அளவையும் மாற்றக் கேட்க வேண்டும். "30 நாளுக்கு மேல் நிலுவை எத்தனை?" என்று மட்டும் கேட்கிற வரை, தள்ளுபடி செய்து நிலுவையைக் குறைக்கும் வழி திறந்தே இருக்கும். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எங்கள் ஊரார் இப்போது மூன்று எண்களைச் சேர்த்துக் கேட்கிறார்கள். ஒவ்வொரு உள்வட்டத்திலும் பெற்ற மனு எத்தனை, அதில் தள்ளுபடியானவை எத்தனை, தள்ளுபடியான மனுதாரர்களில் மறுபடி மனு போட்டவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண் பெரிதாக இருந்தால், முதல் மேசையில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசி மேசையில் சொல்கிறார்கள் என்று பொருள். கர்நாடகத்தின் 'சகாலா' சட்டத்தில் இருப்பதுபோல், குறித்த நாளில் தராவிட்டால் மனுதாரருக்கு நாள் கணக்கில் இழப்பீடு என்பதையும் கேட்கிறோம். தொகை சிறியதுதான். ஆனால் தாமதத்துக்கு ஒரு பெயரும் தேதியும் வந்துவிடும்.

ஜூன் 14 அன்று வந்த பட்டாவில் அம்மா, நான், இரண்டு தங்கைகள் என நான்கு பெயர்கள் இருந்தன. மேட்டூர் திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. அந்தத் தாளை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நேராகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனேன்.